சேர்ந்து விழுந்தவை எல்லாம் ஒன்றல்ல

1949 டிசம்பரில் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் என்ற 32 வயது மருத்துவரின் குழு எலியின் ஈரலை அரைத்துக்கொண்டிருந்தது. இன்சுலின் ஈரலில் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அதற்காக ஒரு நொதி செல்லுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடினார்கள். தேடிய நொதியோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அமில பாஸ்பேட்டேஸ் என்ற வேறொரு நொதியையும் அளந்தார்கள். அவர்களுக்கு அதில் அக்கறை ஒன்றும் இல்லை. வந்த எண்தான் அவர்களை நிறுத்தியது: இருக்க வேண்டிய அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இருந்தது.

ஐந்து நாள் கழித்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த அதே மாதிரிகளை மறுபடி அளந்தபோது, காணாமல் போன நொதி முழுவதும் திரும்பி வந்திருந்தது. செத்த ஈரல் புதிதாக நொதியைச் செய்யாது. ஆக, அது முதல் நாளும் அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டு, வெளியே ஊற்றிய வேதிப்பொருளைத் தொட முடியாமல் இருந்திருக்க வேண்டும். ஐந்து நாளில் பையின் சவ்வு நைந்துபோனதும் நொதி வெளியே வந்துவிட்டது. முந்தைய அளவீடுகளில் ஈரலை மின்சார அரைப்பானில் முரட்டுத்தனமாக அரைத்திருந்தார்கள். பைகள் அப்போதே கிழிந்துவிட்டதால் முழு அளவும் தெரிந்திருந்தது.

அது எந்தப் பை? அதற்கு விடை காண ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. விடை காண உதவிய கருவி மையவிலக்கு இயந்திரம், அதாவது சென்ட்ரிஃபியூஜ். அது எதைப் பிரிக்கிறது, எதைப் பிரிக்காது என்பதை இந்த ஈரல் கதையைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறு கதை எனக்குத் தெரியாது.

முறையின் அடிப்படை எளிது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் ஆல்பர்ட் கிளாட் 1930களிலும் 40களிலும் அதை உருவாக்கினார். எலியை முதல்நாள் இரவு பட்டினி போடுவார்கள். ஈரலில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து நிறைந்திருந்தால் அதுவும் துகளாக விழுந்து கணக்கைக் குழப்பும். ஈரலைப் பனிக்கட்டியின் குளிரில் வைத்து, சர்க்கரைக் கரைசலில் போட்டு, கண்ணாடிக் குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஓர் உலக்கையால் சிலமுறை மேலும் கீழுமாக இழுத்து அரைப்பார்கள். செல்லின் வெளிச்சவ்வு கிழிய வேண்டும், உள்ளே இருப்பவை கிழியக் கூடாது. வெறும் நீரில் அரைத்தால் நீர் புகுந்து உள்ளுறுப்புகள் உப்பி வெடிக்கும். அதனால்தான் சர்க்கரை: லிட்டருக்கு 0.25 மோல், ஏறக்குறைய நூறு மில்லிலிட்டருக்கு எட்டரை கிராம். செல்லுக்குள் இருக்கும் சவ்வூடு அழுத்தத்துக்கு அது நெருக்கமாக இருக்கிறது.

கிடைத்த கூழைச் சுழற்ற வேண்டும். புவியீர்ப்பைப் போல் அறுநூறு முதல் ஆயிரம் மடங்கு விசையில் பத்து நிமிடம் சுழற்றினால் உட்கருக்களும் உடையாத செல்களும் அடியில் ஒட்டிக்கொள்ளும். மேலே நிற்கும் நீரை வேறு குழாயில் ஊற்றிப் பத்தாயிரம் மடங்கில் பத்துப் பதினைந்து நிமிடம் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா விழும். மறுபடியும் மேல்நீரை எடுத்து ஒரு லட்சம் மடங்கில் ஒரு மணி நேரம் சுழற்றினால் மைக்ரோசோம்கள் என்று பெயர் பெற்ற மிகச் சிறிய துகள்கள் விழும். எதுவும் விழாமல் எஞ்சுவது செல்லின் கரைநீர். ஒவ்வொரு கட்டத்திலும் அடியில் சேர்வதைப் படிவு என்று சொல்லலாம்.

மைட்டோகாண்ட்ரியா விழும் படிவில்தான் டி டூவின் மறைந்திருந்த நொதியில் பெரும்பகுதி இருந்தது. அப்படியென்றால் அது மைட்டோகாண்ட்ரியாவின் நொதி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். அந்த ஆண்டுகளில் பலரும் இப்படித்தான் எழுதினார்கள். அது ஏன் தவறு என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும்.

சுழலும் குழாயின் மேல்மட்டம் அச்சிலிருந்து 4 சென்டிமீட்டர், அடி 8 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று. இந்த வேகத்தில் குழாயின் மேல்மட்டத்தில் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 4,500 மடங்கு, அடியில் சுமார் 9,000 மடங்கு. ஒரே குழாய்க்குள்ளேயே இத்தனை வித்தியாசம். ‘பத்தாயிரம் சுற்றில் சுழற்றினோம்’ என்று மட்டும் எழுதிய செய்முறையை வேறொரு ஆய்வகத்தில் திரும்பச் செய்ய முடியாமல் போவது இதனால்தான். ஆரம் தெரியாமல் சுற்று எண்ணுக்குப் பொருள் கிடையாது.

இந்தக் குழாயில் ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள மைட்டோகாண்ட்ரியா ஒன்று. அதன் அடர்த்தி 1.10, சுற்றியிருக்கும் சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி 1.03. பனிக்குளிரில் அந்தக் கரைசல் அறை வெப்பநிலைத் தண்ணீரைப் போல இருமடங்கு பாகுத்தன்மை உள்ளது. கோளம் ஒன்று திரவத்தில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கான ஸ்டோக்ஸ் விதியில் இந்த எண்களைப் போட்டால், நடுக்குழாயில் அது நொடிக்கு ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர் நகரும் என்று வருகிறது. மேல்மட்டத்தில் இருந்தது அடிக்கு வந்துசேர ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். சுழற்றாமல் மேசைமேல் வைத்திருந்தால் இதே தூரத்துக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அதே குழாயில் 0.4 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு சிறிய பையும் இருக்கிறது, அடர்த்தி அதே அளவுதான். குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தே வேகம் அமைவதால் இது ஆறில் ஒரு பங்கு வேகத்தில்தான் இறங்கும். முழுதும் விழ அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடத்தில் இயந்திரத்தை நிறுத்தினால் பெரியவை எல்லாம் கீழே, சிறியவை எல்லாம் மேலே என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி நடப்பதில்லை. தொடக்கத்தில் இரண்டும் குழாய் முழுவதும் ஒரே சீராகக் கலந்திருந்தன. அடிக்கு அருகிலேயே இருந்த சிறிய பைகளுக்குக் கடக்க வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர்தான். கணக்கிட்டால், கடைசி மைட்டோகாண்ட்ரியா விழுந்த அதே நேரத்தில் சிறிய பைகளில் ஐந்தில் ஒரு பங்கும் விழுந்திருக்கும்.

அரிசியில் கல் அரிப்பவர்களுக்கு இது புதிதல்ல. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் கடைசியில் கல்லோடு கொஞ்சம் அரிசியும் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். மறுபடி நீர் ஊற்றி அரிக்க வேண்டும். ஆய்வகத்திலும் அதையே செய்கிறார்கள். படிவைப் புதிய கரைசலில் கலக்கி அதே ஐந்து நிமிடம் சுழற்றினால் ஐந்தில் ஒரு பங்கின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு நான்கு எஞ்சும். மூன்றாம் முறை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போகும். காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. உண்மையான ஈரலில் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. சிறிய மைட்டோகாண்ட்ரியாவும் பெரிய பையும் ஒரே வேகத்தில் இறங்கும். அவற்றை எத்தனை முறை கழுவினாலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு கழுவலிலும் சில பைகள் உடைந்து நொதி மேல்நீரில் கலந்துவிடவும் செய்யும்.

‘ஒரே வேகத்தில்’ என்று சொன்னதைத் துல்லியமாகச் சொல்ல ஒரு எண் தேவை. அதுதான் படிவுக் குணகம். ஸ்வீடனின் உப்சாலாவில் 1920களில் அதிவேக மையவிலக்கு இயந்திரத்தைக் கட்டிய தியோடோர் ஸ்வெட்பெர்க்கின் பெயரில் அதன் அலகு வழங்குகிறது. பாடப்புத்தகத்தில் பாக்டீரியாவின் ரைபோசோமை 70 எஸ் என்றும் நம் செல்களின் ரைபோசோமை 80 எஸ் என்றும் படித்தவர்களுக்கு அந்த எஸ் நினைவிருக்கும். அது ஸ்வெட்பெர்க்கின் முதலெழுத்து.

படிவுக் குணகம் என்பது ஒரு துகளின் வேகத்தை, அதை வெளியே தள்ளும் முடுக்கத்தால் வகுத்தால் வருவது:

s = v / (ω² r)

இயந்திரம் எவ்வளவு வேகமாகச் சுற்றியது, துகள் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதெல்லாம் இந்த வகுத்தலில் நீங்கிவிடுகின்றன. எஞ்சுவது துகளுக்கும் அது மிதக்கும் திரவத்துக்கும் உரியது மட்டுமே. வேகத்தை முடுக்கத்தால் வகுத்தால் விடை நொடியில் வரும். அந்த நொடி மிகச் சிறியதாக இருப்பதால் நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கை, 10⁻¹³ நொடியை, ஒரு ஸ்வெட்பெர்க் என்று வைத்துக்கொண்டார்கள். நம் கணக்கில் வந்த மைட்டோகாண்ட்ரியாவுக்கு சுமார் 20,000 ஸ்வெட்பெர்க், சிறிய பைக்கு சுமார் 3,000. எண்பது ஸ்வெட்பெர்க் ரைபோசோமை அதே குழாயில் அதே பத்தாயிரம் சுற்றில் அடிக்குக் கொண்டுவர, வெறும் நீரிலேயே ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டியிருக்கும். மைக்ரோசோம்களுக்கும் ரைபோசோம்களுக்கும் ஒரு லட்சம் மடங்கு விசை ஏன் தேவை என்பது இதிலிருந்தே தெரியும்.

இந்த எண் ஒரு பொருளின் எடையைச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அளவைச் சொல்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் அல்ல. மூன்று விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் எண் அது. துகளின் நிறை கூடினால் எண் கூடும். துகளின் அடர்த்திக்கும் திரவத்தின் அடர்த்திக்கும் உள்ள வித்தியாசம் கூடினாலும் எண் கூடும். திரவத்தில் துகள் படும் உராய்வு கூடினால் எண் குறையும். அந்த உராய்வை முடிவு செய்வது துகளின் அளவும் வடிவமும்.

பாக்டீரிய ரைபோசோம் 50, 30 என்ற இரு துண்டுகளால் ஆனது. சேர்ந்தால் 80 வராமல் 70 வருவது ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். ‘அப்படித்தான்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். காரணம் எளிது. எடையைக் கூட்டலாம், வேகத்தைக் கூட்ட முடியாது. இரண்டு துண்டுகளும் ஒட்டிக்கொள்ளும்போது எடை முழுவதுமாகக் கூடுகிறது, உராய்வும் கொஞ்சம் கூடிவிடுகிறது. ஒரே அடர்த்தியுள்ள கோளங்களுக்கு இந்த எண் எடையின் மூன்றில் இரண்டு அடுக்காக வளரும். அந்த விதியைப் போட்டுப் பார்த்தால் நம் செல்களின் 60, 40 துண்டுகள் சேர்ந்து 80 ஆக வேண்டும். அளந்த எண்ணும் 80தான். பாக்டீரியாவின் 50, 30 துண்டுகளுக்கு அதே விதி 65 என்கிறது, அளந்தது 70. ரைபோசோம் கோளம் அல்ல என்பதால் அந்தச் சிறு வேறுபாடு வியப்புக்குரியதல்ல.

எடை மாறாமலே எண் மாறுவதற்கும் உதாரணம் இருக்கிறது. பாலியோமா என்ற வைரஸின் டிஎன்ஏ ஒரு வளையம். செல்லுக்குள்ளிருந்து எடுத்தபடியே இருந்தால் அது முறுக்கேறிச் சுருண்டு கிடக்கும். அப்போது 20 ஸ்வெட்பெர்க். ஓர் இழையில் ஒரே ஓர் இடத்தில் வெட்டு விழுந்தால் முறுக்கு கழன்று வளையம் விரிந்துவிடும், அப்போது 16. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள், ஒரே எடை. மாறியது வடிவம் மட்டுமே. ஜெரோம் வினோகிராடின் குழு 1965இல் இந்த வேறுபாட்டைப் பின்தொடர்ந்து போய்த்தான் டிஎன்ஏ வளையங்கள் முறுக்கேறியிருக்கும் என்பதைக் கண்டது. அவர்கள் அந்த எண்ணை எடை என்று எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு வேறு மூலக்கூறுகள் என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

படிவுக் குணகத்திலிருந்து எடையைப் பெற வேண்டுமென்றால் உராய்வைத் தனியாக அளந்தாக வேண்டும். ஒரு மூலக்கூறு தானாகத் திரவத்தில் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதும் அதே உராய்வைப் பொறுத்தது. பரவும் வேகத்தையும் மூலக்கூறின் அடர்த்தியையும் சேர்த்து அளந்தால் உராய்வு கணக்கிலிருந்து நீங்கிவிடும், எடை வெளிப்படும். ஹீமோகுளோபினுக்குக் குணகம் சுமார் 4.5, பரவலையும் சேர்த்துக் கணக்கிட்டால் எடை அறுபதாயிரத்துக்குச் சற்று மேலே வருகிறது, சரியான அளவு 64,500. குணகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வர முடியாது.

அடர்த்தி வித்தியாசம் என்ற அந்த இரண்டாவது விஷயம் திரவத்தையும் பொறுத்தது. திரவத்தை அடர்த்தியாக்கிக்கொண்டே போனால் துகளின் வேகம் குறைந்துகொண்டே வரும். இரண்டு அடர்த்தியும் சமமாகும் இடத்தில் வேகம் பூஜ்யம். அதற்கு மேல் போனால் துகள் அடிக்குப் போகாமல் மேலே ஏறும், குணகம் எதிர்மறை எண்ணாகும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன் உப்புக் கரைசலில் இரத்தத்தின் கொழுப்புப் புரதங்களை இப்படித்தான் மிதக்கவிட்டுப் பிரித்தார். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்டிஎல் என்று பார்க்கிறோமே, குறைந்த அடர்த்திக் கொழுப்புப் புரதம், அந்தப் பெயரில் உள்ள அடர்த்தி மையவிலக்குக் குழாயில் அளந்தது, 1.019 முதல் 1.063 வரை உள்ளவற்றை அப்படி அழைக்கிறார்கள். இதனால்தான் குணகத்தை வெளியிடும்போது, 20 டிகிரி வெப்பத்தில் தூய நீரில் இருந்தால் என்னவாக இருக்கும் என்று திருத்தித் தருவது வழக்கம். திருத்தாத எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

லூவேனுக்குத் திரும்புவோம். டி டூவின் குழு மைட்டோகாண்ட்ரியாப் படிவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது: குறைந்த விசையில் விழும் கனமான பகுதி, அதற்குப் பிறகு சற்றுக் கூடுதல் விசையில் விழும் இலேசான பகுதி. உட்கரு, மைக்ரோசோம், கரைநீர் ஆகியவற்றோடு சேர்த்து மொத்தம் ஐந்து பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் நொதி எத்தனை சதவீதம், புரதம் எத்தனை சதவீதம் என்று அளந்தார்கள். முதல் சதவீதத்தை இரண்டாவதால் வகுத்தால், அந்தப் பகுதியில் அந்த நொதி எத்தனை மடங்கு செறிந்திருக்கிறது என்பது தெரியும். மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரிய சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் கனமான பகுதியில் செறிந்திருந்தது. அமில பாஸ்பேட்டேஸ் இலேசான பகுதியில் செறிந்திருந்தது. ஒரே பையில் இருக்கும் இரண்டு நொதிகள் இப்படி வெவ்வேறாகப் பரவியிருக்க முடியாது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. எந்தப் பகுதியும் தூய்மையானது என்று அவர்கள் நினைக்கவில்லை. எல்லாவற்றிலும் எல்லாமும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, கலப்பின் விகிதத்தையே சான்றாக்கினார்கள். ஐந்து பகுதிகளையும் கூட்டினால் முதலில் இருந்த கூழின் நொதி முழுவதும் கிடைக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்கள். கூட்டல் குறைந்தால் எங்கோ நொதி செயலிழந்திருக்கிறது. கூடினால் தொடக்கத்தில் ஏதோ மறைந்திருந்திருக்கிறது. முதல் நாள் பத்தில் ஒரு பங்கைக் கண்டு அவர்கள் திடுக்கிட்டதும் இந்தப் பழக்கத்தால்தான்.

1955 வாக்கில் மேலும் நான்கு நொதிகள் அதே விதத்தில் பரவியிருப்பதும், அவையும் சவ்வு கிழியும்வரை மறைந்திருப்பதும் தெரிந்தது. ஐந்துமே அமிலச் சூழலில் எதையாவது சிதைப்பவை. அந்தப் பைக்கு லைசோசோம் என்று அந்த ஆண்டு பெயர் வைத்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் யாரும் தேடிப் பார்ப்பதற்கு முன்பே, இறங்கும் வேகத்தையும் நொதிக் கணக்கையும் மட்டும் வைத்து ஊகித்த நுண்ணுறுப்பு அது.

ஆனால் ஒரு நொதி உறுத்தியது. யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரேட் ஆக்சிடேஸும் அதே இலேசான பகுதியில்தான் செறிந்திருந்தது. அதற்கு அமிலம் தேவைப்படவில்லை. சவ்வைக் கிழித்தபோது மற்றவற்றைப் போல அது வெளிவரவும் இல்லை. லைசோசோமும் இந்த நொதியைத் தாங்கிய துகளும் ஏறக்குறைய ஒரே படிவுக் குணகம் கொண்டவை என்றால், வெறுமனே சுழற்றிச் சுழற்றி அவற்றைப் பிரிக்கவே முடியாது. பின்னியிருக்கும் மூன்று விஷயங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். அடர்த்திச் சரிவு செய்வது அதைத்தான்.

மேலே இலேசாகவும் கீழே போகப்போக அடர்த்தியாகவும் இருக்கும்படி ஒரு குழாயில் சர்க்கரைக் கரைசலை நிரப்ப வேண்டும். அடர்ந்த கரைசலும் நீர்த்த கரைசலும் உள்ள இரு அறைகளை இணைத்து, கலப்பு விகிதம் மெல்ல மாறும்படி ஒழுகவிட்டால் சீரான சரிவு கிடைக்கும். சில கரைசல்களை அடுக்கடுக்காகக் குழாய்ச்சொட்டியால் மெல்ல ஊற்றி வைத்தாலும் எல்லைகள் தாமாகக் கரைந்து ஓரளவு சரிவாகிவிடும். மேல்பரப்பில் மாதிரியை மெல்லிய ஏடாகப் படரவிட்டுச் சுழற்ற வேண்டும்.

இதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் முடிவு தலைகீழாகிவிடும். சரிவு ஆழமற்றதாக இருந்து, கீழ்முனையின் அடர்த்திகூடத் துகளின் அடர்த்தியைவிடக் குறைவாக இருந்தால், துகள்கள் எல்லாம் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கி, படிவுக் குணகத்துக்கு ஏற்பத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். அடியருகே தற்செயலாக நின்ற சிறிய துகள் பெரியதோடு விழும் தொல்லை இங்கே இல்லை. மைரன் பிராக் 1951இல் உருளைக்கிழங்கு வைரஸ் ஒன்றைத் தூய்மையாக்க இதைக் கையாண்டார். ரைபோசோமின் துண்டுகளைப் பிரிப்பதும் இப்படித்தான். இதில் சரியான நேரத்தில் நிறுத்துவதே முக்கியம். விட்டுவிட்டால் எல்லாம் அடிக்குப் போய்விடும்.

இன்னொரு விதத்தில் சரிவின் கீழ்முனை எந்தத் துகளையும்விட அடர்த்தியாக இருக்கும். ஒவ்வொரு துகளும் தன் அடர்த்திக்குச் சமமான மட்டத்துக்கு வந்ததும் அதன் வேகம் பூஜ்யமாகி நின்றுவிடும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அங்கேயே நிற்கும். அளவும் வடிவமும் அது எவ்வளவு விரைவில் வந்துசேர்கிறது என்பதை மட்டுமே தீர்மானிக்கும். எங்கே நிற்கிறது என்பதை அடர்த்தி மட்டுமே தீர்மானிக்கும். ஐம்பது சதவீதச் சர்க்கரைக் கரைசல் நீரைப் போல் சுமார் பதினைந்து மடங்கு பாகுவாக இருப்பதால் இதற்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். பட்டைகள் நிலைகொண்ட பிறகு குழாயின் அடியில் துளையிட்டுச் சொட்டுச் சொட்டாக வரிசையாகச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் ஒளிவிலகலை அளந்தால் அடர்த்தி தெரியும், நொதியை அளந்தால் யார் எங்கே நின்றார்கள் என்பது தெரியும்.

சர்க்கரைச் சரிவில் மைட்டோகாண்ட்ரியா 1.19 அருகே நின்றது. லைசோசோம்கள் 1.21ஐச் சுற்றிப் பரவலாக நின்றன. யூரேட் ஆக்சிடேஸ் 1.23க்கு மேல் போய் நின்றது, அதோடு கேட்டலேஸும் சேர்ந்து நின்றது. ஒரே வேகத்தில் விழுந்தவை வேறு வேறு பொருட்கள் என்பது இங்கே தெரிந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதும் அழிப்பதுமான அந்தத் துகளுக்குப் பிறகு பெராக்சிசோம் என்று பெயர் வந்தது.

மைட்டோகாண்ட்ரியாவின் அடர்த்தி முன்பு 1.10 என்று கணக்கிட்டோம், இப்போது 1.19. இரண்டும் சரிதான். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையிலிருந்து நீரை உறிஞ்சிவிடுவதால் அது சுருங்கி அடர்த்தியாகிறது. பெராக்சிசோமின் சவ்வோ சர்க்கரையை உள்ளே விட்டுவிடுகிறது. நீர் இருந்த இடத்தில் சர்க்கரை நிரம்பி அதன் அடர்த்தியும் ஏறுகிறது. சவ்வூடு அழுத்தம் உண்டாக்காத சிலிக்காத் துகள்களால் ஆன பெர்கால் போன்ற ஊடகத்தில் சரிவைச் செய்தால் அதே மைட்டோகாண்ட்ரியா 1.10 அருகிலேயே நிற்கும். நுண்ணுறுப்பின் அடர்த்தியாக ஏதாவது ஓர் எண்ணைக் கண்டால், எந்த ஊடகத்தில் அளந்தது என்று கேட்காமல் அதை எடுத்தாளக் கூடாது.

1.19, 1.21, 1.23 என்ற இந்த இடைவெளி கணக்குப் போடப் போதும், கையில் எடுக்கப் போதாது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. 1963இல் ராபர்ட் வாட்டியோவும் கூட்டாளிகளும் ஒரு வழி கண்டார்கள். டிரைட்டான் டபிள்யூஆர்-1339 என்ற சோப்பு போன்ற பொருளைச் சில நாட்களுக்கு முன்பே எலிக்கு ஊசியில் ஏற்றினார்கள். ஈரல் செல்கள் அதை விழுங்கி லைசோசோமுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்; லைசோசோமால் அதைச் சிதைக்க முடியாது. இலேசான அந்தப் பொருள் நிறைந்த லைசோசோம்கள் சரிவில் 1.12 அருகே மிதந்தன. மைட்டோகாண்ட்ரியாவும் பெராக்சிசோமும் பழைய இடத்திலேயே நின்றன. லைசோசோமின் இயல்பான வேலையையே பயன்படுத்தி அதன் அடர்த்தியை மட்டும் மாற்றியது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ஒருவேளை அமில பாஸ்பேட்டேஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருந்திருந்தால் அது நகர்ந்திருக்காது. நகர்ந்ததே சான்று. 1974இல் கிளாட், டி டூவ், ஜார்ஜ் பலாடே மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த முறைகளில் இன்றும் தவறு நேரும் இடங்கள் அவையேதான். உலக்கையை வேகமாக இழுத்தால் உட்கருக்கள் உடைந்து டிஎன்ஏ வெளிவரும். கூழ் கோந்துபோல் இழுபடத் தொடங்கினால் அதுதான் அடையாளம். அந்தப் பசையில் மைட்டோகாண்ட்ரியா ஒட்டிக்கொண்டு முதல் படிவிலேயே விழுந்துவிடும். மைக்ரோசோம் என்ற பெயரும் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது: உயிருள்ள செல்லில் அப்படி ஒரு நுண்ணுறுப்பு கிடையாது. செல்லெங்கும் பரவிய எண்டோபிளாச வலை அரைபட்டுத் துண்டாகி, துண்டுகள் தாமாக மூடிக்கொண்டு பைகளாகின்றன. உலக்கை உண்டாக்கியதை இயந்திரம் பிரித்துத் தருகிறது.

பெராக்சிசோம்கள் எளிதில் உடைபவை. அரைக்கும்போது உடைந்தால் கேட்டலேஸ் கரைநீரில் கலந்துவிடும். ஆகவே கரைநீரில் கேட்டலேஸ் இருக்கிறது என்று மட்டும் பார்த்து, அந்த நொதி செல்லில் இரண்டு இடங்களில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அரைக்கும் வேகத்தைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும். கரைநீரில் உள்ள பங்கு குறைந்தால் அது கசிவுதான். குறையாமல் அப்படியே நின்றால்தான் செல்லிலேயே இரண்டு இடங்களில் இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்க வேண்டும். அப்போதும் சவ்வோடு பிணைந்த, கசியவே முடியாத பெராக்சிசோம் புரதம் ஒன்றை உடன்வைத்து அளந்து பார்ப்பார்கள். அது முழுக்கப் படிவிலேயே இருந்து கேட்டலேஸ் மட்டும் வெளியே இருந்தால், பை வந்துசேர்ந்திருக்கிறது, உள்ளே இருந்தது வழியில் கசிந்திருக்கிறது என்று பொருள்.